செம்பு சொல்லும் துத்தநாகக் கணக்கு

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டியதும் தொழிற்சாலைகள் தொடங்கிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள், இடையில் அவற்றுக்குப் பாகம் செய்து தரும் எத்தனையோ பட்டறைகள். இந்த வண்டிகளைப் பூட்டி நிறுத்தும் போல்ட், நட், கிளாம்ப் போன்ற இரும்புச் சாமான்களில் பெரும்பகுதி, வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு துத்தநாகத் தொட்டியில் மூழ்கி எழுந்தவைதான். துரு பிடிக்காமல் இருக்க அவற்றின் மேல் 8 மைக்ரான், 10 மைக்ரான் என்று மெல்லிய துத்தநாகத் தோல் ஏற்றுவார்கள். பட்டறைப் பேச்சில் அதற்குப் பெயர் ஜிங்க் பிளேட்டிங்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் வரும் ஒரு சிறு கணக்கு இந்தத் தொட்டியின் உடல்நிலையைச் சொல்லிவிடும். இரண்டு மின்பகுப்புக் கலங்களைத் தொடராக இணைத்து ஒரே மின்னோட்டத்தைச் செலுத்தினால் இரண்டிலும் படியும் உலோகங்களின் எடை என்ன விகிதத்தில் இருக்கும் என்பதே அந்தக் கணக்கு. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துபோகும் இந்த விகிதத்தால், ஒரு தொட்டியில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது, அந்த வீண் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம்.

முதலில் விகிதம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். தொடர் இணைப்பில் மின்சாரத்துக்குப் போக ஒரே பாதைதான் உண்டு. முதல் கலத்தின் எதிர்மின்வாயில் ஒரு நிமிடத்தில் எத்தனை எலக்ட்ரான்கள் இறங்குகின்றனவோ, அதே எண்ணிக்கைதான் அதே நிமிடத்தில் இரண்டாவது கலத்தின் எதிர்மின்வாயிலும் இறங்கும். ஒரு கலம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கலாம். ஒன்றில் 2 வோல்ட்டும் மற்றதில் 5 வோல்ட்டும் விழலாம். ஒன்று சூடாகவும் ஒன்று ஆறிப்போயும் இருக்கலாம். இவற்றில் எதுவும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை மாற்றாது.

ஆறு எலக்ட்ரான்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி அயனி ஒவ்வொன்றுக்கும் ஓர் எலக்ட்ரான் போதும். ஆகவே ஆறு வெள்ளி அணுக்கள் படியும். செம்பு அயனிக்கு இரண்டு வேண்டும் என்பதால் மூன்று செம்பு அணுக்கள்தான் படியும். துத்தநாகமும் அப்படியே, மூன்று. பழைய முறைக் குரோமியத் தொட்டியில் ஓர் அணு படிய ஆறு எலக்ட்ரான்கள் தேவை. அங்கே ஒரே ஓர் அணு. இந்த எண்ணிக்கைகளை அந்தந்த அணுவின் எடையால் பெருக்கினால் எடை விகிதம் வந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், அணு எடையை அது வாங்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவது சமான நிறை. வெள்ளிக்கு 107.87, செம்புக்கு 31.77, துத்தநாகத்துக்கு 32.69, நிக்கலுக்கு 29.35. தொடரில் உள்ள கலங்களில் படியும் எடைகள் இந்த எண்களின் விகிதத்தில்தான் இருக்கும்.

மாணவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். வெள்ளிக்கும் செம்புக்கும் அணு எடைகளை அப்படியே எடுத்து 108க்கு 63.5 என்று விகிதம் போடுவார்கள். சரியான விடை 108க்கு 31.8. அதாவது ஒரு கிராம் செம்பு படியும் நேரத்தில் ஏறக்குறைய 3.4 கிராம் வெள்ளி படியும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எலக்ட்ரான் எண்ணிக்கை உலோகத்தை மட்டும் பொறுத்ததல்ல, கரைசலையும் பொறுத்தது. சயனைடு தொட்டியில் செம்பு ஒற்றை மின்சுமையோடு இருக்கிறது. அங்கே அதே மின்சாரத்துக்கு இரண்டு மடங்கு செம்பு படியும். தொட்டியில் இருப்பது எந்தக் கரைசல் என்று தெரியாமல் விகிதம் எழுத முடியாது.

மைக்கேல் ஃபாரடே 1830களின் தொடக்கத்தில் இதை நிறுவியபோது எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. உருகிய டின் குளோரைடு உள்ள கலத்தையும் நீரைப் பகுக்கும் கலத்தையும் ஒரே சுற்றில் வைத்து, இங்கே படிந்த டின்னின் எடையையும் அங்கே சேர்ந்த வாயுவின் அளவையும் ஒப்பிட்டுத்தான் அவர் முடிவுக்கு வந்தார். நீரைப் பகுக்கும் அந்தக் கலமே அவருக்கு அளவுகோல். ஒரு கலத்தை அளவுகோலாக வைத்து இன்னொரு கலத்தைச் சோதிக்கும் இந்த வழியைத்தான் நாம் துத்தநாகத் தொட்டிக்குப் பயன்படுத்தப் போகிறோம். பின்னாளில் வெள்ளிக் கலத்தின் மீதான நம்பிக்கை எவ்வளவு வலுத்தது என்றால், 1908இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு, வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டமே ஓர் ஆம்பியர் என்று வகுத்தது. தராசுதான் அப்போது அம்மீட்டருக்கு நீதிபதி.

இப்போது பட்டறைக்கு வருவோம். அங்கே ஒவ்வொரு தொட்டிக்கும் தனி ரெக்டிஃபையர் இருக்கும். தொட்டிகளைத் தொடராக இணைப்பதில்லை. ஆயிரம் ஆம்பியர் ஓடும் தொட்டியோடு ஒரு சின்னச் செம்புக் கலத்தைத் தொடராக மாட்டினால் அது தாங்கவும் தாங்காது. ஆகவே தொட்டிக் கரைசலில் ஒரு லிட்டரை முகந்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டியில் இருந்த அதே வெப்பநிலையில் வைக்க வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள இரும்புத் தகட்டை எண்ணெய் போகக் கழுவி, அமிலத்தில் ஒரு முக்கு முக்கி, நீரில் அலசி, உலர்த்தி எடை போட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். இதில் 2 ஆம்பியர் செலுத்தினால், தொட்டிகளில் வழக்கமாக ஓட்டும் மின்னோட்ட அடர்த்தி கிடைத்துவிடும்.

அடுத்த கலம் செம்புக் கலம். இதைச் செம்புக் கூலூமானி என்பார்கள். லிட்டருக்கு 150 கிராம் செம்பு சல்பேட் படிகம், 50 கிராம் கந்தக அமிலம், 50 மில்லி ஆல்கஹால். நடுவில் எடை போட்ட மெல்லிய செம்புத் தகடு எதிர்மின்வாயாக நிற்கும். அதன் இரு பக்கமும் செம்புத் தகடுகள் நேர்மின்வாயாக நிற்கும். இங்கே இரும்புத் தகட்டை வைத்துவிடக் கூடாது. மின்சாரமே இல்லாமல் செம்பு சல்பேட்டிலிருந்து செம்பு தானாக இரும்பின் மேல் ஏறிவிடும், கணக்கு கெட்டுவிடும். தகட்டின் பரப்பும் போதுமானதாக இருக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் படிவு சொரசொரப்பாகி உதிரத் தொடங்கும். மிகக் குறைந்த அடர்த்தியில் ஓட்டினால் படிந்த செம்பில் கொஞ்சம் திரும்பக் கரையும். ஆல்கஹால் இந்தக் கரைவைக் குறைக்கத்தான் சேர்க்கப்படுகிறது. இந்த எல்லைகளுக்குள் ஓட்டினால் செம்புக் கலத்தில் வரும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ அத்தனையும் செம்பைப் படியவைப்பதிலேயே செலவாகும். அதனால்தான் அதை அளவுகோலாக நம்பலாம்.

இரண்டு கலங்களையும் தொடரில் மாட்டி, 2 ஆம்பியரை அரை மணி நேரம் செலுத்துகிறோம். நிறுத்தியதும் இரண்டு தகடுகளையும் எடுத்து, காய்ச்சி வடித்த நீரிலும் ஆல்கஹாலிலும் அலசி, இளஞ்சூட்டில் உலர்த்தி எடை போடுகிறோம். செம்புத் தகட்டை அதிகம் சூடாக்கினால் ஆக்ஸைடு ஏறி எடை கூடிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செம்பின் எடை 1.150 கிராம் கூடியிருக்கிறது. சமான நிறை விகிதப்படி, 32.69ஐ 31.77ஆல் வகுத்தால் 1.029. ஆகவே துத்தநாகம் 1.183 கிராம் படிந்திருக்க வேண்டும். தராசு காட்டுவதோ 0.828 கிராம். ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.70. வந்த மின்சாரத்தில் 70 விழுக்காடுதான் துத்தநாகத்துக்குப் போயிருக்கிறது. இதற்குப் பெயர் எதிர்மின்வாய்த் திறன்.

இந்தக் கணக்கில் ஆம்பியரும் வரவில்லை, நிமிடமும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இதன் அழகே அதுதான். 2 ஆம்பியர் அரை மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி. அதற்கு 1.186 கிராம் செம்பு படிந்திருக்க வேண்டும். படிந்தது 1.150. அப்படியென்றால் உண்மையில் ஓடியது 0.97 ஆம்பியர்-மணிதான். அம்மீட்டர் 3 விழுக்காடு கூடுதலாகக் காட்டியிருக்கிறது, அல்லது இடையில் மின்னோட்டம் தொய்ந்திருக்கிறது. அம்மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் திறன் 68 விழுக்காடு என்று வந்திருக்கும், கரைசலைக் குற்றம் சொல்லியிருப்போம். செம்புக் கலம் தொடரில் இருந்ததால் அந்தத் தவறு இரண்டு கலங்களுக்கும் பொதுவாகி, வகுக்கும்போது காணாமல் போய்விட்டது. மின்னோட்டம் ஏறி இறங்கினாலும், ரெக்டிஃபையர் மோசமாக இருந்தாலும் விகிதம் அசையாது. இணையாக மாட்டினால் இந்த நன்மை போய்விடும். அப்போது மின்சாரம் கலங்களின் தடைக்கேற்பப் பிரிந்து ஓடும், எடைகளை ஒப்பிடுவதற்கே அர்த்தம் இருக்காது.

சரி, மீதி 30 விழுக்காடு எங்கே போனது? ஃபாரடே விதி பொய்க்கவில்லை. துத்தநாகத் தகட்டில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எலக்ட்ரான்களில் சில துத்தநாக அயனியிடம் போகின்றன, சில நீரைப் பிரித்து ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. ஹைட்ரஜனும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். நம் எடுத்துக்காட்டில் வீணான 0.29 ஆம்பியர்-மணிக்கு, அறை வெப்பநிலையில் சுமார் 130 மில்லி ஹைட்ரஜன் வாயு வந்திருக்கும். ஒரு சிறு தேநீர்க் குவளை அளவு வாயு, உள்ளங்கை அகலத் தகட்டிலிருந்து. ஓடும்போது தகட்டைச் சுற்றிப் பொங்கும் நுண்குமிழிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

70 விழுக்காடு என்பது கெட்ட தொட்டியா? கரைசலைப் பொறுத்தது. துத்தநாகத்தை அமில குளோரைடு கரைசலிலும் ஏற்றலாம், சயனைடு இல்லாத காரக் கரைசலிலும் ஏற்றலாம். அமில குளோரைடில் திறன் 95 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். நம் கணக்கின் 1.150 கிராம் செம்புக்கு எதிராக அங்கே 1.12 கிராமுக்கு மேல் துத்தநாகம் படியும். காரக் கரைசலில் 70 என்பது இயல்புதான். அப்படியானால் ஏன் காரக் கரைசலை விரும்புகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அதன் திறன் குறைவே அதன் பலம். போல்ட்டின் தலை விளிம்பில் மின்சாரம் குவியும், மரைப் பள்ளத்தில் குறையும். காரக் கரைசலில் மின்னோட்ட அடர்த்தி கூடக் கூடத் திறன் இறங்கும். விளிம்புக்கு வரும் கூடுதல் மின்சாரம் ஹைட்ரஜனாகக் கழிந்துவிடுவதால் விளிம்பில் துத்தநாகம் தடிக்காது, பள்ளத்துக்கும் விளிம்புக்கும் கனம் ஏறக்குறைய ஒத்துவரும். சிக்கலான வடிவமுள்ள சாமான்களுக்கு இது பெரிய வசதி.

ஆகவே எண்ணைத் தனியாகப் பார்ப்பதைவிட அது நகர்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பில் 8 மைக்ரான் துத்தநாகம் ஏற 0.57 கிராம் வேண்டும். 2 ஆம்பியரில் திறன் 100 என்றால் 14 நிமிடம் போதும். 70 என்றால் 20 நிமிடம். தொட்டியை ஓட்டுபவர் 20 நிமிடம் என்று பழகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கரைசலில் துத்தநாக அளவு இறங்கி, அல்லது கார்பனேட் சேர்ந்து, அல்லது குளிர்காலத்தில் வெப்பம் தணிந்து, திறன் 55க்கு வந்துவிட்டால், அதே 20 நிமிடத்தில் 6.3 மைக்ரான்தான் ஏறும். பளபளப்பில் வித்தியாசமே தெரியாது. வாங்கும் நிறுவனம் எக்ஸ்ரே மானியில் கனம் பார்க்கும்போதோ, உப்பு நீர்த் தெளிப்புச் சோதனையில் துரு சீக்கிரம் எட்டிப்பார்க்கும்போதோதான் தெரியவரும். அதற்குள் பல பேரல் சரக்கு வெளியே போயிருக்கும். செம்புக் கலம் இதை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும்.

நேர்மின்வாயின் எடைக் குறைவை வைத்து இதைக் கணக்கிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். கூடாது. காரக் கரைசலில் துத்தநாகம் மின்சாரம் இல்லாதபோதும் தானாகக் கரையும். நேர்மின்வாய் இழந்த எடை மின்சாரத்தின் கணக்கோடு பொருந்தாது. எப்போதும் எதிர்மின்வாயைத்தான் எடை போட வேண்டும்.

வாகனத் தொழிலில் இப்போது அதிகம் கேட்கப்படும் துத்தநாக-நிக்கல் கலப்பு முலாமுக்கு இந்தக் கணக்கில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். ஒரே தகட்டில் இரண்டு உலோகங்கள் சேர்ந்து படிவதால், படிவில் நிக்கல் எத்தனை விழுக்காடு என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும். 14 விழுக்காடு நிக்கல் என்றால் கலப்பின் சமான நிறை ஏறத்தாழ 32.2. துத்தநாகத்தின் 32.69க்கு அருகில்தான் இருக்கிறது. மற்றபடி வழி ஒன்றே.

இப்போது அந்த ஹைட்ரஜனைப் பற்றி. குமிழியாக வெளியேறுவது மட்டும் என்றால் மின்கட்டண இழப்போடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் தகட்டின் மேல் பிறக்கும் ஹைட்ரஜன் முதலில் தனி அணுவாக இருக்கிறது. இரண்டு அணுக்கள் கூடி வாயுவாகும் முன், சில அணுக்கள் எஃகுக்குள் நுழைந்துவிடும். சாதாரண மென்மையான எஃகுக்கு இதனால் பெரிய கேடில்லை. தலையில் 10.9, 12.9 என்று பொறிக்கப்பட்ட உறுதி மிகுந்த போல்ட்டுகளுக்குத்தான் ஆபத்து. கடினமான எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன், போல்ட்டை முறுக்கியபின் இழுவிசை மிகுந்த இடங்களுக்கு, குறிப்பாக மரையின் அடிக்கும் தலையின் கழுத்துக்கும் மெல்ல நகர்ந்து சேரும். முறுக்கும்போது நன்றாகவே இருந்த போல்ட், சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து, தன் உறுதிக்கு மிகக் குறைவான சுமையிலேயே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முறியும். நீட்சியும் இருக்காது, கழுத்துச் சுருக்கமும் இருக்காது. முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் எஃகின் மணிகள் எல்லை எல்லையாகப் பிரிந்து நிற்பது தெரியும். இதுவே ஹைட்ரஜன் நொறுங்குமை.

இதற்குப் பட்டறை செய்வது பேக்கிங். முலாம் பூசிய நான்கு மணி நேரத்துக்குள் போல்ட்டுகளை 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரையிலான அடுப்பில் பல மணி நேரம் வைத்து, உள்ளே புகுந்த ஹைட்ரஜனை வெளியேறச் செய்வார்கள், அல்லது தீங்கில்லாத இடங்களில் அடங்கச் செய்வார்கள். தாமதமானால் நுண்விரிசல் தொடங்கிவிடக்கூடும். தொடங்கிய விரிசலை எந்த அடுப்பும் மூடாது.

விகிதக் கணக்கின் எல்லையையும் இங்கே சொல்லியாக வேண்டும். எவ்வளவு ஹைட்ரஜன் பிறந்தது என்பதை அது துல்லியமாகச் சொல்லும். அதில் எவ்வளவு எஃகுக்குள் போனது என்பதைச் சொல்லாது. அது எஃகின் கடினத்தை, கரைசலில் உள்ள சேர்மங்களை, மேலே படிந்த துத்தநாகத் தோலின் தன்மையைப் பொறுத்தது. முலாமுக்கு முன் துரு நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைக்கும் பிக்லிங்கிலும் ஹைட்ரஜன் புகும். அங்கே மின்சாரமே கிடையாது, செம்புக் கலத்துக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே 96 விழுக்காடு திறனுள்ள அமிலத் தொட்டி என்பதாலேயே ஒரு 12.9 போல்ட் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. இந்தக் காரணத்தால்தான் மிக உறுதியான போல்ட்டுகளுக்கு மின்சாரமே இல்லாமல் தோய்த்துச் சுட்டு எடுக்கும் துத்தநாகச் செதிள் பூச்சு விரும்பப்படுகிறது. எதிர்மின்வாயே இல்லாத முறையில் அங்கே பிறக்கும் ஹைட்ரஜன் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

ஒப்பிடுவதற்குக் குரோமியத்தையும் பாருங்கள். பழைய முறைக் குரோமியத் தொட்டியைச் செம்புக் கலத்தோடு தொடரில் வைத்தால், 1.150 கிராம் செம்புக்கு விதிப்படி 0.31 கிராம் குரோமியம் படிய வேண்டும். ஓர் அணுவுக்கு ஆறு எலக்ட்ரான் என்பதால் அது ஏற்கெனவே சிறிய எண். தராசில் வருவது அதிலும் 10 முதல் 20 விழுக்காடுதான். மீதி மின்சாரத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜனாகிறது. குரோமியத் தொட்டியிலிருந்து எழும் அமிலப் புகைமூட்டம், இந்த ஹைட்ரஜன் குமிழிகள் வெடித்துக் கரைசலைத் துளித்துளியாகக் காற்றில் வீசுவதால் வருவதே. அது புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். ஆகவே தொட்டியருகில் நிற்பவரின் நுரையீரலுக்கும் இந்த விகிதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அங்கே உறிஞ்சு விசிறி ஓடாமல் தொட்டியை இயக்கக் கூடாது.

பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளி நைட்ரேட் விலை அதிகம் என்று இந்தப் பரிசோதனையைக் கரும்பலகையோடு நிறுத்திவிட வேண்டாம். செம்பு சல்பேட்டும், பக்கத்துப் பட்டறையில் கேட்டு வாங்கும் ஒரு லிட்டர் துத்தநாகக் கரைசலும், மில்லிகிராம் காட்டும் ஒரு தராசும் இருந்தால் போதும். கரைசல் காரமோ அமிலமோ எதுவாயினும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும், சயனைடு கரைசலை மட்டும் வகுப்பறைக்குள் கொண்டுவரவே கூடாது. கையில் வந்த எடை விகிதம் 1.029க்குக் கீழே இருந்தால் பரிசோதனை தவறிவிட்டது என்று மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். குறைந்த எடை எங்கே போனது என்று அந்த மாணவரையே கணக்கிடச் சொல்லுங்கள்.